இரவுப் படி: வான் சாரதியின் சம்பளக் கணக்கு எங்கே பிசகுகிறது

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலா வான் ஓட்ட ஆள் எடுக்கும்போது பேச்சு இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. மாதம் இவ்வளவு, வெளியில் தங்கினால் இரவுக்கு இவ்வளவு. முதலாளியும் தலையாட்டுவார், சாரதியும் தலையாட்டுவார். பிணக்கெல்லாம் அந்த இரண்டாவது வரியில்தான் கிடக்கிறது.

இரவை எப்படி எண்ணுவது என்று பேசாமல் விடுவது முதல் தவறு. கண்டிக்குப் போய் ஒரு இரவு தங்கி மறுநாள் பின்னேரம் திரும்பினால் சாரதி இரண்டு நாள் என்பார், முதலாளி ஒரு இரவு என்பார். இது சின்ன விடயம், பேசித் தீர்க்கலாம். விமான நிலையப் பயணம்தான் சிக்கலானது. நள்ளிரவுக்குப் புறப்பட்டு, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக விடியற்காலையில் கட்டுநாயக்கவில் ஆட்களை இறக்கிவிட்டு, மதியம் தாண்டித் திருகோணமலை வந்து சேர்கிறார். எங்கும் தங்கவில்லை, ஆனால் இரவு முழுக்கத் தூங்கவும் இல்லை. “தங்கினால்” என்ற பேச்சின்படி அவருக்கு ஒரு சதமும் கிடையாது. எனவே தங்கலை விட்டுவிட்டு நேரத்தால் வரையறுப்பதே நல்லது. இரவு 10 மணிக்கும் காலை 5 மணிக்கும் இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம் வேலைக்காக வெளியில் நின்றால் ஒரு இரவு என்று எழுதிக்கொண்டால் இரண்டு பயணமும் அதற்குள் அடங்கிவிடும்.

ஹோட்டல்கள் பல, விருந்தினரை அழைத்துவரும் சாரதிக்கு இலவசமாகப் படுக்கையும் சாப்பாடும் கொடுக்கும். அதைக் காரணம் காட்டிப் படியை வெட்டும் முதலாளிமார் இருக்கிறார்கள். வெட்டுவது என்றால் எவ்வளவு என்பதையும் சேரும் நாளிலேயே பேசிவிட வேண்டும். பயணம் முடிந்து வந்தபின் பேசினால் அது பேரம் அல்ல, சண்டை.

இனி பெரிய தவறு. நிலையான சம்பளத்தைக் குறைத்துப் படியை ஏற்றிப் பேசுவது. இரண்டு பேச்சை எடுத்துக்கொள்வோம். ஒன்று, மாதம் 45,000 ரூபாய், இரவுக்கு 1,500. மற்றது, மாதம் 30,000 ரூபாய், இரவுக்கு 2,500. ஓகஸ்டில், கிழக்குக் கரையின் சீசன் உச்சத்தில், 14 இரவு ஓடினால் முதலாவதில் 66,000, இரண்டாவதில் 65,000. வித்தியாசமே தெரியாது. இரவுக்கு 2,500 என்பது காதுக்கு இனிமையாகவும் இருக்கும். வடகீழ்ப் பருவ மழை இறங்கிய டிசம்பரில் இரண்டு இரவு மட்டும் கிடைத்தால் முதலாவதில் 48,000, இரண்டாவதில் 35,000. ஓகஸ்ட் வருமானத்தை நம்பி மோட்டார் சைக்கிளை லீசிங்கில் எடுத்தவர் டிசம்பரில்தான் அந்த 13,000 ரூபாயைத் தேடுவார்.

அதோடு முடியவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்குச் சாரதியின் பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். நிலையான சம்பளத்தில் மட்டும் கணக்கிட்டால் 45,000 ரூபாய்க்கு மாதம் 9,000 சேரும், 30,000 ரூபாய்க்கு 6,000 மட்டுமே. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி கட்டும் 3 வீதமும் அதே அளவில் சுருங்கும். ஐந்து வருடம் வேலை செய்தபின் கிடைக்கும் பணிக்கொடையும், 15 பேர் அல்லது கூடுதலானோர் வேலை செய்யும் இடங்களில், கடைசிச் சம்பளத்தில் வருடத்துக்கு அரைமாதம் என்றே கணக்கிடப்படுகிறது. இரவுப் படி அதற்குள் வராது. முதலாளிக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

ஆனால் முதலாளிக்கும் ஒரு பொறி உண்டு. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதாமாதம் ஒரே தொகையைப் “படி” என்று கொடுத்துவந்தால் அது வெளியில் தங்கிய செலவுக்கான பணம் என்று சொல்ல முடியாது. தொழில் அலுவலர் கொப்பியைப் பார்த்தால் அதையும் சம்பளமாக எண்ணி, நிலுவைச் சேமலாப நிதியைக் கேட்க இடமிருக்கிறது. இரவுகளின் எண்ணிக்கையோடு ஏறி இறங்கும் தொகையே படி.

கடைசியாகக் கைப்பணம். புறப்படும்போது சாரதியின் கையில் 20,000 ரூபாய் கொடுக்கப்படுகிறது: டீசல், அதிவேக வீதிக் கட்டணம், வாகனத் தரிப்பிடம், அதற்குள்ளேயே அவருடைய இரவுப் படியும். மாத முடிவில் பற்றுச்சீட்டுகள் 14,000 ரூபாய்க்குத்தான் தேறுகின்றன. மீதி 6,000 முற்பணம் என்று சம்பளத்தில் கழிக்கப்படுகிறது. உண்மையில் அதில் 4,500 ரூபாய் மூன்று இரவின் படி. திருப்பித் தரவேண்டியது 1,500 மட்டும். இதைத் தடுக்க ரனிங் சார்ட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், கைப்பணம், செலவு, படி என்று தனித்தனியே எழுதி, வான் திரும்பிய அன்றைக்கே இருவரும் கையெழுத்திட வேண்டும். ஜூலை 31 இரவு போய் ஓகஸ்ட் 1 திரும்பினால், அந்த இரவு புறப்பட்ட மாதத்தின் கணக்கில் சேரும் என்றும் அதே கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.