அறுப்புப் பணத்தில் போட்ட முதலீடு: ஃபண்ட் 9 சதவீதம், கையில் 3 சதவீதம், எது சரி?

தாமிரபரணிப் பாசனத்தில் பணம் மாதாமாதம் வராது. பிசான அறுப்பு முடிந்து மாசி, பங்குனியில் ஒரு தொகை வரும். கார் விளைந்தால் புரட்டாசி வாக்கில் இன்னொன்று. இடையில் வாழைத்தார் விலை போனால் அதுவும் சேரும். எடுப்பதும் அப்படித்தான், ஆவணியில் ஒரு கல்யாணம் வந்தால் மொத்தமாக எடுக்க வேண்டியிருக்கும். இப்படிப் போட்டு எடுத்த மியூச்சுவல் ஃபண்ட் கணக்கில் இரண்டு விதமான வருமான சதவீதம் கண்ணில் படும். ஃபண்ட் கம்பெனி சொல்வது ஒன்று, நம் அறிக்கையில் XIRR என்று இருப்பது இன்னொன்று. இரண்டும் ஒத்துப்போகாது. இரண்டையும் ஒரே ஷீட்டில் நாமே போட்டுப் பார்த்தால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டும் என்ன கேட்கின்றன

ஃபண்ட் கம்பெனி சொல்வது கால எடை வருமானம். அது ஒரு கேள்விதான் கேட்கிறது: முதல் நாள் போட்ட ஒரு ரூபாயைத் தொடாமல் விட்டிருந்தால் கடைசி நாளில் என்ன ஆகியிருக்கும்? நடுவில் எவ்வளவு போட்டோம், எவ்வளவு எடுத்தோம் என்பது அதற்கு அக்கறை இல்லை. பண எடை வருமானம் கேட்பது வேறு: நம் பையிலிருந்து போன ஒவ்வொரு ரூபாயும், உள்ளே இருந்த நாட்களுக்கு, ஆண்டுக்கு என்ன வட்டி ஈட்டியது? ஷீட்டில் இருக்கும் XIRR இந்த இரண்டாவது கேள்விக்கான கணக்கு.

நாம் எடுத்துக்கொள்ளும் கணக்கு

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. 15-03-2022 அன்று நெல் பணம் 2,00,000 ரூபாய் போட்டார்கள். ஒரு வருடத்தில் அது 2,20,000 ஆனது. 15-03-2023 அன்று நெல்லும் வாழையும் விற்ற பணம் 3,80,000 சேர்த்தார்கள், மொத்தம் 6,00,000. அடுத்த ஆறு மாதம் சந்தை இறங்கி 5,40,000 ஆகிவிட்டது. 15-09-2023 அன்று கல்யாணச் செலவுக்கு 2,40,000 எடுத்தார்கள், மீதி 3,00,000. அதன் பிறகு சந்தை ஏறி, 15-03-2024 அன்று 3,60,000 நிற்கிறது.

படி 1: ஷீட்டை அமைப்பது

A பத்தியில் தேதி. B பத்தியில் பணம் போனதும் வந்ததும்: போட்டால் கழித்தல் குறி, எடுத்தால் கூட்டல். C பத்தியில் அந்தப் பரிமாற்றத்துக்குச் சற்று முன் இருந்த மொத்த மதிப்பு. கடைசி நாளன்று எல்லாவற்றையும் விற்று எடுத்துவிட்டதாகவே எழுத வேண்டும். முதல் வரி தலைப்புக்கு. எண்கள் இரண்டாம் வரியில் தொடங்குகின்றன.

```
A            B          C
2022-03-15   -200000    0
2023-03-15   -380000    220000
2023-09-15   240000     540000
2024-03-15   360000     360000
```

D பத்தி, பரிமாற்றத்துக்குப் பின் உள்ள மதிப்பு. D2-ல் கீழே உள்ள முதல் வாய்ப்பாட்டைப் போட்டு D5 வரை இழுங்கள். E பத்தி, அந்தந்தக் காலப்பகுதியின் வளர்ச்சி. அது E3-ல் தொடங்குகிறது, E5 வரை இழுங்கள்.

```
=C2-B2
=C3/D2
```

D பத்தியில் 200000, 600000, 300000, 0 என்று வர வேண்டும். கடைசியில் பூஜ்யம் வராவிட்டால் ஏதோ ஒரு குறி மாறிப்போயிருக்கிறது. மேலே போகாமல் அங்கேயே தேடுங்கள். B பத்தியைக் கூட்டினால் 20,000 வரும். மொத்த லாபம் அவ்வளவுதான்.

படி 2: பண எடை

```
=XIRR(B2:B5,A2:A5)
```

விடை 2.99%, ஆண்டுக்கு 3 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். XIRR எப்போதும் 365 நாளுக்குக் கணக்கிட்டு, ஆண்டு விகிதமாகவே சொல்லும்.

படி 3: கால எடை

E பத்தியில் 1.10, 0.90, 1.20 என்று மூன்று எண்கள் இருக்கும். இவற்றைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். முதல் வாய்ப்பாடு மொத்த வருமானம், இரண்டாவது அதன் ஆண்டு விகிதம்.

```
=PRODUCT(E3:E5)-1
=PRODUCT(E3:E5)^(365/(A5-A2))-1
```

மொத்தம் 18.8%, ஆண்டுக்கு 8.98%. மொத்த வருமானமான 18.8-ஐ XIRR-இன் 2.99 பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் நிறைய. ஒன்று இரண்டு வருடத்துக்கு, மற்றது ஒரு வருடத்துக்கு. ஒப்பிட வேண்டியது 8.98-ஐயும் 2.99-ஐயும்தான்.

ஆறு சதவீதம் எங்கே போனது

ரூபாயாகப் பாருங்கள். முதல் பகுதியில் 2 லட்சத்துக்கு 10 சதவீதம், 20,000 லாபம். இரண்டாவதில் 6 லட்சத்துக்கு 10 சதவீதம் நட்டம், 60,000 போனது. மூன்றாவதில் 20 சதவீதம் ஏறியது, ஆனால் உள்ளே இருந்தது 3 லட்சம்தான்; 60,000 திரும்பி வந்தது. கால எடை மூன்று பகுதிகளையும் ஒரே ரூபாய் கடந்து வந்ததாகப் பார்க்கிறது. பண எடையோ, பணம் அதிகம் இருந்த பகுதிக்கு அதிக எடை கொடுக்கிறது. பணம் அதிகம் இருந்தது இறங்கிய காலத்தில்.

இதை வைத்து "தப்பான நேரத்தில் போட்டுவிட்டாய்" என்று யாரையும் குறை சொல்வதில் நியாயமில்லை. அறுப்பு முடிந்தால்தான் பணம், முகூர்த்தம் வந்தால்தான் செலவு. சந்தையைப் பார்த்து எடுத்த முடிவு எதுவும் இதில் இல்லை. 6 சதவீத வித்தியாசத்தை ஃபண்ட் மேனேஜர் தலையிலும் கட்ட முடியாது, ஏனென்றால் பணம் வருவதும் போவதும் அவர் கையில் இல்லை. அதனால் ஃபண்டை எடைபோடக் கால எடை. நம் பணம் வங்கி டெபாசிட்டைவிட அதிகம் ஈட்டியதா என்று பார்க்கப் பண எடை.

வழக்கமாக இடிக்கும் இடங்கள்

பெரிய தொல்லை C பத்திதான். பணம் போட்ட நாளின் மொத்த மதிப்பு எந்த அறிக்கையிலும் நேராகக் கிடைக்காது. ஒரே ஃபண்ட், டிவிடெண்ட் தராமல் லாபத்தை உள்ளேயே விடும் குரோத் ஆப்ஷன் என்றால் C பத்தியே வேண்டாம்; ஒரு யூனிட்டின் விலைதான் என்.ஏ.வி, கடைசி நாள் என்.ஏ.வி-யை முதல் நாள் என்.ஏ.வி-யால் வகுத்து 1-ஐக் கழித்தால் அதுவே கால எடையின் மொத்த வருமானம். மூன்று நான்கு ஃபண்டுகள் இருந்தால், ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில் அன்று பணம் போட்ட ஃபண்டின் என்.ஏ.வி மட்டும் இருக்கும். மற்றவற்றின் அன்றைய என்.ஏ.வி-யை ஃபண்ட் கம்பெனிகளின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் பழைய என்.ஏ.வி பகுதியிலிருந்து எடுத்து, பரிமாற்றத்துக்கு முன் இருந்த யூனிட்டுகளால் பெருக்கிக் கூட்டுங்கள். தேதி, யூனிட் ஒதுக்கிய தேதியாக இருக்க வேண்டும்.

முன், பின் மதிப்பு குழம்பினால் விடை பயங்கரமாகக் கெடும். நம் கணக்கில் 15-09-2023 அன்று C-யில் 5,40,000-க்குப் பதில் எடுத்த பிறகான 3,00,000-ஐப் போட்டால், 10 சதவீத இறக்கம் 50 சதவீத இறக்கமாகிவிடும். ஒரு பகுதியின் வளர்ச்சி நம்ப முடியாத எண்ணாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

தேதி இன்னொரு பொறி. ஷீட் அமெரிக்க முறையில் இருந்தால் 15-03-2022 வெறும் எழுத்தாக நின்றுவிடும், ஏனென்றால் பதினைந்தாம் மாதம் கிடையாது. அது பிழை காட்டும், கண்டுபிடித்துவிடலாம். ஆனால் 05-03-2022 சத்தமில்லாமல் மே 3 ஆகிவிடும். விடை வரும், தப்பாக வரும். மேலே காட்டியபடி ஆண்டை முதலில் எழுதினால் இந்த வம்பு இல்லை.

`#NUM!` வந்தால் பெரும்பாலும் B பத்தியில் எல்லாம் ஒரே குறியில் இருக்கும், அல்லது கடைசி மதிப்பை எழுத மறந்திருப்பீர்கள். நட்டத்தில் இருக்கும் கணக்கில் எக்செல் சில சமயம் 0.00% என்று காட்டும். தசமத்தை நீட்டிப் பார்த்தால் 2.98E-09 மாதிரி இருக்கும். அது விடை அல்ல, தேடிக் களைத்துப்போய் நின்ற இடம். தொடக்க ஊகத்தைக் கொடுங்கள்:

```
=XIRR(B2:B5,A2:A5,-0.1)
```

ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியதை B பத்தியில் எழுதாதீர்கள். பணம் வீட்டுக்கு வரவில்லை. டிவிடெண்ட் வங்கிக் கணக்குக்கு வந்திருந்தால் அது எடுத்த பணம், எழுதத்தான் வேண்டும். ஒரு வருடத்துக்குக் குறைவான கணக்குக்கு XIRR-ஐ நம்பவே வேண்டாம்: 30 நாளில் 2 சதவீதம் ஏறினால் அது 27 சதவீதம் என்று பெருமையடிக்கும்.

குறியீட்டோடு ஒப்பிடும்போது

நம் XIRR 3 சதவீதத்தை நிஃப்டியின் ஆண்டு வளர்ச்சியோடு ஒப்பிடக் கூடாது, அது கால எடை எண். டிவிடெண்டையும் சேர்த்த மொத்த வருமானக் குறியீட்டை எடுத்து, அதே தேதியில் அதே தொகையை அதில் போட்டு எடுத்ததாக இன்னொரு ஷீட் போட வேண்டும்.

குறியீடு அந்த மூன்று பகுதிகளில் 8 ஏறி, 6 இறங்கி, 15 ஏறியது என்று வைத்துக்கொள்வோம். கால எடை மொத்தம் 16.7%, ஆண்டுக்கு 8.0%. ஃபண்ட் 8.98%, ஆக ஃபண்ட் ஜெயித்தது. இப்போது நம் பணத்தை ஓட்டுங்கள்: 2,00,000 ஏறி 2,16,000, 3,80,000 சேர்ந்து 5,96,000, இறங்கி 5,60,240, 2,40,000 எடுத்தபின் 3,20,240, கடைசியில் 3,68,276. ஃபண்டில் நிற்பது 3,60,000. XIRR குறியீட்டில் 4.2%, ஃபண்டில் 3%.

ஃபண்ட் குறியீட்டை ஜெயித்திருக்கிறது, இந்தக் குடும்பம் மட்டும் 8,276 ரூபாய் குறைவாக வைத்திருக்கிறது. 6 லட்சம் உள்ளே இருந்த ஆறு மாதத்தில் ஃபண்ட் 10 சதவீதம் இறங்க, குறியீடு 6 சதவீதம்தான் இறங்கியது. ஆவணியில் எடுக்க வேண்டிய 2,40,000 பங்குனியிலேயே தெரிந்திருந்தால், அந்தத் தொகையைப் பங்குச் சந்தையில் விடாமல் லிக்விட் ஃபண்டிலோ வங்கி டெபாசிட்டிலோ வைத்து, இதே ஷீட்டில் மூன்றாவதாக ஒரு கணக்கு ஓட்டிப் பார்க்கலாம்.