யுகே ஸ்டூடன்ட் விசா: 20 மணித்தியாலத்தைத் திங்களிலிருந்து எண்ணுங்கள்

ஹட்டன், தலவாக்கலை பக்கமிருந்து யுகேக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிற தம்பி, தங்கச்சிமார் எல்லாரும் என்னிடம் கேட்பது, "அக்கா, பார்ட் டைம் வேலை கிடைக்குமா?" என்றுதான். கிடைக்கும். கிடைத்த பிறகு மணித்தியாலத்தை எப்படி எண்ணுவது என்பதில்தான் நான் மாட்டப் பார்த்தேன். அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

1. உங்கள் வரம்பைப் பாருங்கள்

GOV.UK-இல் உங்கள் eVisa-வைத் திறந்தால் வேலை நிபந்தனை எழுதியிருக்கும். டிகிரி, மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்குப் பொதுவாகப் பாடக்காலத்தில் வாரம் 20 மணித்தியாலம். டிகிரிக்குக் கீழான படிப்பென்றால் 10 மட்டும். உங்கள் வேலை உரிமையைச் சரிபார்க்க வேலை தருபவர் ஷேர் கோட் என்ற குறியீட்டைக் கேட்பார். அதையும் GOV.UK-இல்தான், வேலை உரிமையைக் காட்டவென்று தெரிவு செய்து எடுங்கள். அந்தக் கோட் W என்ற எழுத்தில் தொடங்கும்.

2. எந்த வேலை

என் முதல் தெரிவு எப்போதும் யூனிவர்சிட்டிக்குள்ளேயே கிடைக்கும் வேலைதான். நூலகம், கேன்டீன், புது மாணவர்களுக்கு வழிகாட்டுவது போன்றவை. உங்கள் விசா வரம்பு அவர்களுக்குத் தெரியும், பரீட்சை வாரத்தில் ஷிஃப்ட் குறைத்துக் கேட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்வதைத் தொடவே வேண்டாம். அந்த ஆப்களில் பொதுவாக நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர் இல்லை, சுயதொழில் செய்பவர். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதியே இல்லை. ஒரு மணித்தியாலம் செய்தாலும் மீறல்தான்.

3. வாரம் எங்கே தொடங்குகிறது

விசா விதியில் வாரம் என்றால் திங்கட்கிழமை தொடங்கும் ஏழு நாள். நான் வேலை செய்த கிடங்கில் ரோட்டா, அதாவது ஷிஃப்ட் அட்டவணை, ஞாயிறு தொடங்கிச் சனியில் முடியும். ஒரு முறை எனக்கு வந்த ரோட்டா இது. முதல் வாரம் புதன் 6, வெள்ளி 6, சனி 8. மொத்தம் 20. அடுத்த வாரம் ஞாயிறு 8, செவ்வாய் 6, வியாழன் 6. அதுவும் 20. கம்பியூட்டரில் இரண்டுமே சரியாகத் தெரிந்தது.

இப்போது திங்களிலிருந்து எண்ணிப் பாருங்கள். புதன் 6, வெள்ளி 6, சனி 8, அதோடு ஞாயிறு 8. மொத்தம் 28! சூப்பர்வைசர், "சிஸ்டத்தில் 20தானே காட்டுகிறது" என்றார். அவர் கணக்கு சம்பளத்துக்கு, என் கணக்கு விசாவுக்கு. அந்த ஞாயிறு ஷிஃப்ட்டை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் 12 மட்டும் செய்து சராசரி காட்டலாமா என்று கேட்காதீர்கள். சராசரி செல்லாது, ஒவ்வொரு வாரமும் தனித்தனி.

ஞாயிறு இரவு 10 மணிக்கு ஏறிக் காலை 6 மணிக்கு இறங்கும் ஷிஃப்ட் என்றால், 2 மணித்தியாலம் இந்த வாரத்தில், 6 அடுத்த வாரத்தில். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டுங்கள். சம்பளமில்லாமல் "பழகிப் பார்க்க" வரச் சொல்லும் வேலையும் இதற்குள்தான் வரும்.

4. சொந்தக் கணக்கு

போனில் கூகிள் காலெண்டரின் செட்டிங்ஸில் வாரத் தொடக்கத்தைத் திங்களுக்கு மாற்றுங்கள். அதோடு ஒரு சின்னக் கொப்பியும் வேண்டும். மணித்தியாலம் எண்ண வரும் ஆப்கள் எனக்குப் பிடிக்கவில்லை, சில ஞாயிறிலேயே தொடங்குகின்றன.

எங்கள் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்ததும் அன்றைய கிலோவைத் தன் கொப்பியில் எழுதிவைப்பார். மாதக் கடைசியில் அரைநாள் சம்பளம் மட்டும் என்று அரைப்பேர் விழுந்திருந்தால் கணக்கப்பிள்ளையிடம் அதைக் காட்டித்தான் பேசுவார். நானும் அப்படியே ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறியதும் நாள், ஏறிய நேரம், இறங்கிய நேரம் எழுதினேன். 18 வந்ததும் அந்த வாரம் புது ஷிஃப்ட் ஏற்கமாட்டேன். கடைசி லொறி பிந்தினால் ஒரு மணித்தியாலம் கூடிவிடும், அதற்குத்தான் அந்த 2.

பிறகு சேர்த்தது

மஸ்கெலியாவிலிருந்து போன தங்கச்சி ஒருவர், "ஜூலையில் வகுப்பு இல்லையே, முழுநேரம் செய்யலாமா அக்கா?" என்று கேட்டிருந்தார். டிகிரி மாணவர்களுக்கு அது விடுமுறை. ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்குக் கோடையில்தான் ஆய்வுக்கட்டுரை எழுதும் காலம், அநேகமாக எல்லா யூனிவர்சிட்டியும் அதைப் பாடக்காலமாகவே கணக்கெடுக்கும். அவரும் கேட்டுப் பார்த்தார், 20தான் என்று பதில் வந்தது. நீங்களும் உங்கள் பாடக்காலத் திகதிகளையும் படிப்பு முடியும் திகதியையும் யூனிவர்சிட்டியிடம் கடிதமாக வாங்கி, ஒரு பிரதியை வேலை இடத்தில் கொடுத்துவிடுங்கள். கட்டுரையை முன்கூட்டியே ஒப்படைத்தாலும் அந்த முடிவுத் திகதி வரும் வரை 20ஐத் தாண்டாதீர்கள்.