தன்வரலாறு புத்தகமா போடணும்: பதிப்பகமா, சொந்தச் செலவா, பாதிப் பாதியா? எப்படி முடிவு பண்றது

எங்க பெரியப்பா கடலூர் பக்கம் மின்வாரியத்துல லைன்மேனா 31 வருஷம் இருந்தவரு. ரிட்டயர் ஆனப்புறம் மூணு நீள நோட்டுல தன்னோட வாழ்க்கைய எழுதி வச்சிருந்தாரு, கையெழுத்துல 280 பக்கம். சின்ன வயசுல அப்பா இறந்தது, அம்மா களை எடுத்து வளர்த்தது, வேலைக்கு சேர்ந்தது, 2011 டிசம்பர் 30 தானே புயலுக்கு அப்புறம் ஊர் ஊரா கம்பம் நட்டது, எல்லாம் இருக்கு. "இத புத்தகமா போடணும்டா, என்ன வழி"ன்னு கேட்டாரு. அந்த வேலைய எடுத்துப் பண்ணினப்ப கத்துக்கிட்டதத்தான் வரிசையா எழுதுறேன், கணக்கோட. ரேட் உங்க ஊர்ல மாறும், ஆனா கணக்கு போடுற முறை மாறாது.

படி 1: முதல்ல வாசகர் பட்டியல், பேர் பேரா

எல்லாரும் முதல்ல எந்த பதிப்பகம்னுதான் தேடுறாங்க, அது அப்புறம். முதல்ல ஒரு பேப்பர் எடுத்து இந்த புத்தகத்த யார் படிப்பாங்கன்னு பேர் எழுதுங்க. "எல்லா தமிழ் வாசகர்களும்"னு எழுதினா அது பட்டியல் கிடையாது. நாங்க எழுதினப்ப 134 பேர் வந்துச்சு. அதுல 40 பேர் சொந்தக்காரங்க, அவங்ககிட்ட காசு வாங்க முடியாது, கையில குடுத்து கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கிற வகை. மீதி 94 பேர் கூட வேலை பார்த்தவங்க, யூனியன்காரங்க, பென்ஷனர் சங்கத்துல பழக்கமானவங்க. அதுலயும் கண்டிப்பா காசு குடுத்து வாங்குவாங்கன்னு நம்பி 60தான் போட்டோம்.

அப்புறம் ரெண்டாவது கேள்வி, பெரியப்பாவ யாருன்னே தெரியாத ஒருத்தர் கடையில இந்த புத்தகத்த எடுத்துப் பார்த்தா எந்த அத்தியாயத்துக்காக வாங்குவாரு? எங்களுக்கு பதில் உடனே தெரிஞ்சுது, புயல் அத்தியாயமும் கம்பத்து மேல நடந்த விபத்துகளும். குடும்பக் கதை அவங்களுக்கு எந்த அளவு தேவைப்படும்னு சொல்ல முடியல. இந்த ரெண்டு பதிலும்தான் மத்த எல்லாத்தையும் தீர்மானிக்குது, ஏன்னா பதிப்பகம் உங்களுக்கு குடுக்குறது பேர் தெரியாத வாசகர, பேர் தெரிஞ்ச வாசகர்கிட்ட நீங்களே போயிடலாம்.

படி 2: பக்கத்த கணக்கு பண்ணுங்க

டைப் பண்ணாம யாரும் ரேட் சொல்ல மாட்டாங்க. யூனிகோடுல டைப் பண்ணச் சொல்லுங்க, இத நான் ரொம்ப அழுத்தி சொல்றேன். நிறைய டிடிபி சென்டர்ல இன்னும் பழைய எழுத்துருலதான் அடிக்கிறாங்க, அத அப்புறம் யூனிகோடுக்கு மாத்தினா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் போயி, மறுபடி முழுசா மெய்ப்பு பாக்க வேண்டி வரும். பின்னாடி கிண்டில்ல போடணும்னாலும் யூனிகோடுதான் வேணும்.

டைப் பண்ணி முடிச்சப்ப ஏறக்குறைய 38,000 வார்த்தை. டெம்மிங்கிற வழக்கமான புத்தக சைஸ்ல ஒரு பக்கத்துக்கு சுமார் 210 வார்த்தை பிடிக்கும், அப்ப 181 பக்கம், முன்னாடி தலைப்புப் பக்கம், முன்னுரை, பொருளடக்கம், கொஞ்சம் போட்டோ எல்லாம் சேர்த்து 192ல நிறுத்தினோம். 192 ஏன்னா ஆஃப்செட்ல 16 பக்கம் ஒரு ஃபாரம், 192ன்னா சரியா 12 ஃபாரம். 195 பக்கம் வந்தா மூணு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டி வரும், அதனால கடைசியில கொஞ்சம் வெட்டி அடக்கிக்கணும்.

படி 3: மூணு வழிக்கும் ஒரே புத்தகத்த வச்சு கணக்கு

விலை 240 ரூபாய்னு வச்சுக்கிட்டோம். டைப்பிங் செலவு எந்த வழியில போனாலும் நம்ம தலையிலதான், அத விட்டுடுங்க.

பதிப்பகம் வழியா போனா நம்ம செலவு ஒண்ணும் இல்ல. ராயல்டி பொதுவா விலையில 10 சதவீதம், அதாவது ஒரு காப்பிக்கு 24 ரூபாய். 300 காப்பி முழுசா வித்தா 7,200, அது விக்க சில வருஷம் ஆகலாம். ஆசிரியருக்கு இலவசமா 10 காப்பி குடுப்பாங்கன்னு வச்சுக்கலாம், அப்ப அந்த 40 சொந்தக்காரங்களுக்கு மீதி 30ஐ நாமளே கழிவு போக வாங்கணும், 40 சதவீதம் கழிவுன்னா காப்பி 144 வீதம் 4,320.

சொந்தமா போட்டா எங்களுக்கு வந்த கணக்கு இது. லேஅவுட் பக்கத்துக்கு 20 ரூபாய் வீதம் 3,840, மெய்ப்பு 15 ரூபாய் வீதம் 2,880, அட்டை வடிவமைப்பு 3,000, ஆக மொத்தம் 9,720. தேவைக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா அடிச்சுக்கிற பிரின்ட் ஆன் டிமாண்ட்ல 100 காப்பி, ஒண்ணு 120 வீதம் 12,000. எல்லாம் சேர்த்து 21,720. 60 காப்பிய நேர்ல 200 ரூபாய்க்கு குடுத்தா 12,000 திரும்ப வரும், மீதி 9,720 கைய விட்டுப் போகும், 40 பேருக்கு சும்மா குடுத்தது அதுக்குள்ளயே அடங்கிடுச்சு.

இங்க ஒரு விஷயம் கவனிங்க. அதே காப்பிய கடைக்கு 40 சதவீத கழிவுல குடுத்தா நமக்கு வர்றது 144, அச்சுச் செலவு 120 போனா மிச்சம் 24. பதிப்பகம் குடுக்கிற ராயல்டியும் அதே 24தான்! ஆனா இங்க முன்னாடியே 9,720 போட்டு, பார்சல் கட்டி, கடைக்காரர்கிட்ட பணம் கேட்டு அலைஞ்சு வர்ற 24. நேர்ல வித்தா 80 நிக்குது. அதனால புத்தகம் கடை வழியாத்தான் விக்கும்னா சொந்தமா போடாதீங்க, கையோட கை விக்கும்னா சொந்தமா போடுறதுதான் சரி.

படி 4: பாதிப் பாதி வழிய சோதிச்சுப் பாக்குறது

செலவ நாமளும் பதிப்பகமும் பகிர்ந்துக்கிற இந்த மூணாவது வழியிலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் விரிவா. எங்களுக்கு ரெண்டு இடத்துல இருந்து இந்த மாதிரி பேச்சு வந்துச்சு.

ஒரு இடத்துல 45,000 கட்டுங்க, 300 காப்பி அச்சடிக்கிறோம், 100 உங்களுக்கு, 200 நாங்க விக்கிறோம், செலவ பகிர்ந்துக்கறோம்னு சொன்னாங்க. நான் பக்கத்து பிரஸ்ல 300 காப்பி ஆஃப்செட்டுக்கு கொட்டேஷன் வாங்கினேன், காப்பி 80 ரூபாய், அதாவது 24,000. அதோட லேஅவுட், மெய்ப்பு, அட்டை 9,720 சேர்த்தா 33,720. முழுச் செலவே அவ்வளவுதான், நம்மகிட்ட கேக்குறது 45,000. அப்ப அவங்க எதையும் பகிரல, நம்ம காசுல மொத்தமும் அடிச்சு 200 காப்பிய அவங்க வச்சுக்கிறாங்க, அந்த 200ஐ விக்கலன்னாலும் அவங்களுக்கு நஷ்டம் இல்ல. 300 உண்மையிலயே அடிச்சாங்களான்னு பாக்கவும் நமக்கு வழி இல்ல.

இன்னொரு சின்ன பதிப்பகம், அவங்க செலவுலயே போடுறோம், எடிட்டிங்கும் நாங்களே, நீங்க 100 காப்பிய 40 சதவீத கழிவுல எடுத்துக்கணும்னு சொன்னாங்க. 100 x 144 = 14,400. அதுல 60ஐ 200க்கு குடுத்தா 12,000 வந்துடும், நம்ம கையில இருந்து போறது 2,400 மட்டும், புத்தகம் கடைக்கும் சென்னை புத்தகக் காட்சிக்கும் போகும். இது நிஜமான பகிர்வு, மீதி காப்பி விக்கலன்னா அவங்களுக்கும் வலிக்கும். அதனால சோதனை இதுதான்: நீங்க கட்டுற பணம் உள்ளூர் பிரஸ் சொல்ற மொத்தச் செலவுக்கு சமமாவோ அதிகமாவோ இருந்தா எழுந்து வந்துடுங்க. குறைவா இருந்து, நீங்க எடுக்க வேண்டிய காப்பி உங்க பட்டியலுக்குள்ள அடங்கினா உக்காந்து பேசலாம்.

படி 5: பதிப்பகத்துக்கு அனுப்புறதுன்னா

அக்டோபர்ல இருந்து ஜனவரி வரைக்கும் அனுப்பாதீங்க. எல்லாரும் பொங்கல் சமயத்துல நடக்குற சென்னை புத்தகக் காட்சிக்கு ஓடிட்டு இருப்பாங்க, உங்க கட்டு எங்கயோ அடியில போயிடும். பிப்ரவரிக்கு அப்புறம் அனுப்புங்க. முழு நோட்டையும் அனுப்பாம பேர் தெரியாத வாசகர் வாங்குவாருன்னு சொன்ன அந்த அத்தியாயத்த முன்னாடி வைங்க, கூட ஒரு பக்கத்துல நீங்க யாரு, மொத்தம் எத்தனை வார்த்தைன்னு. ஏற்கனவே தன்வரலாறு, தொழில் அனுபவம் போட்டிருக்கிற பதிப்பகமா பாருங்க, கவிதை மட்டும் போடுற இடத்துக்கு அனுப்பி காத்திருக்கிறதுல பிரயோஜனம் இல்ல.

ஒப்பந்தம் வந்தா காலம் எத்தனை வருஷம், மின்னூல் உரிமை யாருக்கு, இந்த ரெண்ட முதல்ல தேடுங்க. 1957 காப்புரிமைச் சட்டம் 19ம் பிரிவுப்படி உரிமை மாத்துறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும், காலம் குறிப்பிடலன்னா 5 வருஷம்னு எடுத்துக்குவாங்க. "காப்புரிமை முழுக் காலத்துக்கும்"னு எழுதியிருந்தா அது ஆசிரியர் வாழ்நாளும் அதுக்கு மேல 60 வருஷமும், அதாவது பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும். அத 5 வருஷம்னு மாத்தச் சொல்லி கேளுங்க, கேட்டா நிறைய பேர் மாத்துவாங்க.

தன்வரலாறுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. பெரியப்பா ஒரு மேலதிகாரிய பத்தி கடுமையா எழுதியிருந்தாரு, பேருக்கு பதிலா முதல் எழுத்து போட்டா போதும்னு நினைச்சாரு. அந்த ஆபீஸ்ல வேலை பார்த்த எல்லாருக்கும் அது யாருன்னு தெரியும், அப்ப அவதூறு வழக்குல இருந்து அது காப்பாத்தாது. ஒப்பந்தத்துல வழக்கு வந்தா பொறுப்பு ஆசிரியருதுன்னு ஒரு வரி இருக்கும், சொந்தமா போட்டா கேக்கவே வேணாம். அதே மாதிரி அடுத்தவங்க உங்களுக்கு எழுதின கடிதம் உங்க கையில இருந்தாலும் அதோட காப்புரிமை எழுதினவங்களுது, அச்சுல போட அவங்ககிட்ட கேட்டுக்கணும்.

படி 6: சொந்தமா போடுறதுன்னா

புத்தகத்துக்கு அடையாளமா போடுற ஐஎஸ்பிஎன் நம்பர் இந்தியாவுல இலவசம், isbn.gov.in தளத்துல தனிநபரே விண்ணப்பிக்கலாம், அதுக்கு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. லேஅவுட் பண்றவர்கிட்ட பிடிஎஃப் மட்டும் இல்லாம திறந்து திருத்துற ஃபைலும் வாங்கிடுங்க, அது இல்லன்னா அடுத்த அச்சுல ஒரு எழுத்து மாத்தணும்னாலும் மறுபடி அவர்கிட்டதான் போகணும். அச்சுக்கு முன்னாடி ஒரே ஒரு காப்பி அடிச்சுப் பாருங்க, திரையில தெளிவா தெரிஞ்ச பழைய போட்டோ பேப்பர்ல கருப்பா அப்பிடும், எங்களுக்கு கல்யாண போட்டோ அப்படித்தான் போச்சு, ஒரிஜினல மறுபடி ஸ்கேன் பண்ணினோம். புத்தகம் வந்ததும் 30 நாளுக்குள்ள கன்னிமாரா உட்பட நாலு பொது நூலகங்களுக்கு ஆளுக்கு ஒரு காப்பி அனுப்பணும்னு 1954 சட்டம் சொல்லுது, சொந்தமா போட்டா பதிப்பாளர் நீங்கதானே, அதனால நீங்கதான் அனுப்பணும்.

நாங்க என்ன பண்ணினோம்

காசு கணக்குப்படி அந்த சின்ன பதிப்பகம்தான் நல்ல வழி, 2,400தான் போகும். ஆனா அவங்க எடிட்டர், பெரியப்பாவோட அம்மாவ பத்தின மொத்தப் பகுதியையும் எடுத்துட்டு வேலை அனுபவம் மட்டும் போடலாம்னு சொன்னாரு. கடை வாசகர வச்சுப் பாத்தா அவர் சொன்னது சரிதான். பெரியப்பா ரெண்டு நாள் யோசிச்சுட்டு, "நான் எழுத உக்காந்ததே எங்கம்மாவுக்காகத்தான்"னு சொன்னாரு. அப்ப இது பேர் தெரிஞ்ச 134 பேருக்கான புத்தகம்னு முடிவாயிடுச்சு, சொந்தமாவே போட்டோம், உரிமை எல்லாம் அவர்கிட்டயே இருக்கு, புயல் அத்தியாயத்த பின்னாடி அந்த பதிப்பகத்துக்கே தனி நூலா குடுக்கணும்னாலும் குடுக்கலாம்.

முதல் 100ல இப்ப 7 காப்பி மிச்சம். அடுத்து 50 அடிக்கக் குடுக்கப் போறோம், கூட வேலை பார்த்த ஒருத்தர் படிச்சுட்டு போன் பண்ணி 113ம் பக்கத்துல ஒரு ஊரோட பேர் தப்புன்னு சொன்னாரு, அத நேத்துதான் ஃபைல்ல திருத்தினேன்.