எண்டோகார்டைடிஸ்: கல்ச்சர் எடுக்காம ஆன்டிபயாட்டிக் போடறதும் இன்னும் சில தப்புகளும்

புது பிஜி பேட்ச் வந்தா இன்ஃபெக்டிவ் எண்டோகார்டைடிஸ் கேஸ்ல அதே தப்புகளும் கூடவே வந்துடுது, நாங்கல்லாம் அந்த வயசுல பண்ணினதுதான். ஆஸ்லர் நோடுக்கும் ஜேன்வே லீஷனுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா டக்குனு சொல்றாங்க, அதனால அந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் நான் போகல. பேஷண்டுக்கு நிஜமா பாதிப்பு வர்ற இடங்களை மட்டும் எழுதறேன், அதுலயும் முக்கால்வாசி ஒரே ஒரு தப்பைப் பத்திதான்.

கல்ச்சர் எடுக்கறதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக்

இதை இப்ப பார்த்தாலும் எனக்குக் கோவம் வருது. ஒரு கேஸ் சொல்றேன். முப்பது வயசு தாண்டின ஒரு அம்மா, சின்ன வயசுல ருமாட்டிக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு லீக் ஆயிடுச்சு, பென்சிலின் ஊசியையும் எப்பவோ நிறுத்திட்டாங்க. அஞ்சு வாரமா சாயங்காலமானா லேசா காய்ச்சல், சாப்பாடு இறங்கல, உடம்பு மெலிஞ்சுட்டே வருது. பக்கத்துல ஒரு இடத்துல காமிச்சிருக்காங்க, வைடால் பாசிட்டிவ்னு சொல்லி டைபாய்டுக்கு அஞ்சு நாள் செஃப்ட்ரியாக்ஸோன் போட்டாங்க. காய்ச்சல் விட்டுடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். பத்து நாள்ல திரும்ப வந்தது. இன்னொரு இடம், இன்னொரு ஆன்டிபயாட்டிக், திரும்பவும் கொஞ்ச நாள் நல்லா இருந்தாங்க. கடைசியா இடது விலா எலும்புக்குக் கீழ பயங்கர வலின்னு எங்ககிட்ட வந்தப்ப சிடி எடுத்தா மண்ணீரல்ல இன்ஃபார்க்ட். உணவுக்குழாய் வழியா எக்கோ பண்ணினா மைட்ரல் வால்வோட முன்பக்க இதழ்ல 11 மிமீ வெஜிடேஷன் ஆடிட்டு இருக்கு. ப்ளட் கல்ச்சர் மூணு செட் அனுப்பினோம், மூணுமே ஸ்டெரைல்.

காய்ச்சல் ஏன் விட்டுச்சு, ஏன் திரும்ப வந்துச்சுன்னு புரிஞ்சா இந்தத் தப்பை யாரும் பண்ண மாட்டாங்க. வெஜிடேஷன்னா ஃபைப்ரினும் ப்ளேட்லெட்டும் சேர்ந்த கட்டி, அதுக்குள்ள ரத்தக்குழாய் கிடையாது, வெள்ளை அணுக்கள் சரியா உள்ள போக முடியாது, கிருமியும் உள்ள மெதுவாத்தான் வளருது. அஞ்சு நாள் மருந்து ரத்தத்துல மிதக்கறதை அழிச்சுடும், உள்ள இருக்கறது அப்படியே இருக்கும். அதனாலதான் ட்ரீட்மென்ட் பொதுவா நாலுலேர்ந்து ஆறு வாரம். அரைகுறை கோர்ஸ் நோயைக் குணமாக்காது, ஆனா கல்ச்சரை மட்டும் நெகட்டிவ் ஆக்கிடும்.

சரி, கல்ச்சர் போச்சு, டயக்னோசிஸும் போச்சான்னா இல்ல. ட்யூக் க்ரைட்டீரியாவை இந்தம்மாவுக்குப் போட்டுப் பாருங்க. எக்கோல வெஜிடேஷன், இது ஒரு மேஜர். ருமாட்டிக் வால்வு ஒரு மைனர், 38 டிகிரிக்கு மேல காய்ச்சல் ஒரு மைனர், மண்ணீரல் எம்போலிசம் ஒரு மைனர். ஒரு மேஜரும் மூணு மைனரும் இருந்தா டெஃபினிட். (ரெண்டு மேஜர் இல்லன்னா அஞ்சு மைனர் இருந்தாலும் டெஃபினிட்தான்.) ஆக நோய் இருக்குன்னு தெரியுது, எந்தக் கிருமின்னு தெரியல. பென்சிலினுக்குக் கேக்கற விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு தெரிஞ்சிருந்தா தினம் ஒரு வேளை 2 கிராம் செஃப்ட்ரியாக்ஸோன், நாலு வாரம், முடிஞ்சது. தெரியாததால ஸ்ட்ரெப், ஸ்டாஃப், என்டெரோகாக்கஸ் எல்லாத்துக்கும் சேர்த்து ஆம்பிசிலின், க்ளாக்ஸாசிலின், ஜென்டாமைசின்னு போக வேண்டியதாச்சு. ரெண்டாவது வாரம் க்ரியாட்டினின் 0.9லேர்ந்து 2.1க்கு ஏறுச்சு. ஆரம்பத்துலயே கல்ச்சர் எடுத்திருந்தா அந்தக் கிட்னிக்கு இந்த அடி விழுந்திருக்காது.

அப்ப எப்படி எடுக்கணும்? மூணு செட், ஒவ்வொண்ணும் வேற வேற இடத்துல புதுசா குத்தி எடுக்கணும், ஏற்கனவே போட்ட லைன்லேர்ந்து இழுக்கக் கூடாது. முதல் செட்டுக்கும் கடைசி செட்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். பெரியவங்களுக்கு ஒரு பாட்டில்ல 8லேர்ந்து 10 மிலி, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க, 2 மிலி ஊத்திட்டு நெகட்டிவ்னு ரிப்போர்ட் வந்தா நம்பிடறாங்க. ஸ்பிரிட் தடவினா காயற வரைக்கும் பொறுங்க. நைட்டு லேப் மூடிட்டாங்கன்னு பாட்டிலை வார்டு ஃப்ரிட்ஜ்ல வைக்காதீங்க, வெளியவே இருக்கட்டும், சீக்கிரம் அனுப்புங்க. குளிர் காய்ச்சல் வரட்டும்னு காத்திருக்கவும் வேண்டாம், எண்டோகார்டைடிஸ்ல கிருமி விட்டு விட்டு வராம தொடர்ந்து ரத்தத்துல இருக்கும். மூணு செட் எதுக்குன்னா, ஒரே பாட்டில்ல மட்டும் கோயாகுலேஸ் நெகட்டிவ் ஸ்டாஃப் வந்தா அது தோல்லேர்ந்து ஒட்டினதா நிஜமான்னு மத்த பாட்டில்களை வச்சுத்தான் சொல்ல முடியும்.

வாரக்கணக்கா காய்ச்சலோட நிலையா இருக்கற பேஷண்ட்டுக்கு இந்த ஒரு மணி நேரத்துல ஒண்ணும் ஆயிடாது. பிபி விழுந்து ஷாக்ல இருக்கறவங்க கதை வேற, ரெண்டு கையிலயும் அடுத்தடுத்து எடுத்துட்டு உடனே மருந்து போட்டுடுங்க.

வால்வு நோய், மாத்தின வால்வு, பேஸ்மேக்கர், டயாலிசிஸ் கதீட்டர், முன்னாடி ஒரு தடவை எண்டோகார்டைடிஸ் வந்தவங்க, இவங்கள்ல யாருக்காவது காரணம் தெரியாத காய்ச்சல்னா வைடாலுக்கு முன்னாடி கல்ச்சர் பாட்டில் ஞாபகம் வரணும். நிஜமாவே டைபாய்டா இருந்தாலும் அதுக்கும் ப்ளட் கல்ச்சர்தானே சரியான டெஸ்ட்.

எக்கோ நார்மல்னு கேஸை மூடறது

நெஞ்சு மேல வச்சுப் பண்ற எக்கோ சின்ன வெஜிடேஷனைத் தவற விடும், செயற்கை வால்வுன்னா இன்னும் மோசம். சந்தேகம் பலமா இருந்தா உணவுக்குழாய் வழி எக்கோ பண்ணுங்க, அதுவும் நெகட்டிவ்னா அஞ்சாறு நாள் கழிச்சு திரும்பப் பண்ணுங்க.

ரத்தத்துல ஸ்டாஃப் ஆரியஸ் வந்தும் எக்கோ கேக்காம இருக்கறது

கேளுங்க, சாக்கு தேடாதீங்க.

கிருமி பேரைப் பார்த்துட்டு அதோட நிறுத்தறது

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிடிகஸ் வந்தா கொலனோஸ்கோபி, பெருங்குடல் கட்டியோட அதுக்கு நல்ல தொடர்பு இருக்கு. கல்ச்சர் நெகட்டிவா இருந்து ஆன்டிபயாட்டிக்கும் வாங்காதவங்கன்னா ஆடு மாடு வளர்க்கறாங்களான்னு கேட்டு, காக்ஸியெல்லாவுக்கும் பார்டோனெல்லாவுக்கும் ஆன்டிபாடி அனுப்புங்க.

சர்ஜனை கடைசியா கூப்பிடறது

ஆன்டிபயாட்டிக் கோர்ஸ் முடியட்டும் அப்புறம் சர்ஜரி பார்க்கலாம்னு ஒரு எண்ணம் இருக்கு, அது தப்பு. முதல் காரணம் ஹார்ட் ஃபெயிலியர். வால்வு கிழிஞ்சு லீக் அதிகமாகி நுரையீரல்ல தண்ணி சேர்ந்துட்டா மருந்து எத்தனாவது நாள்ங்கறது கணக்கே இல்ல, நிலைமை மோசம்னா அன்னிக்கே ஆபரேஷன். ரெண்டாவது, இன்ஃபெக்ஷன் அடங்காதது, அதாவது வால்வைச் சுத்தி சீழ், ஃபிஸ்டுலா, சரியான மருந்து ஒரு வாரம் போயும் கல்ச்சர் பாசிட்டிவாவே இருக்கறது, இல்லன்னா ஃபங்கஸ். மூணாவது எம்போலிசம், 10 மிமீயோ அதுக்கு மேலயோ வெஜிடேஷன் இருந்து ஏற்கனவே ஒண்ணு தெறிச்சுப் போயிருந்தா அடுத்தது மூளைக்குப் போகறதுக்குள்ள எடுக்கணும்.

நான் சொன்ன அம்மா இந்த மூணாவது வகைல வந்த நாளே இருந்தாங்க. 11 மிமீ, மண்ணீரல்ல எம்போலிசம். வால்வை மாத்தினப்ப எடுத்த திசுவை ஃபார்மலின்ல மட்டும் போடாம ஒரு துண்டை ஸ்டெரைல் டப்பாவுல 16எஸ் பிசிஆருக்கு அனுப்பினோம், ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு வந்தது, ஜென்டாமைசினை அன்னிக்கே நிறுத்தினோம். (முழுசா ஃபார்மலின்ல போட்டுட்டா கல்ச்சரும் பண்ண முடியாது, பிசிஆரும் கெட்டுப்போகும், தியேட்டருக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க.)

தினமும் ஈசிஜி எடுக்காம விடறது

அயோர்ட்டிக் வால்வு எண்டோகார்டைடிஸ்ல பிஆர் இடைவெளி புதுசா நீண்டா, வேற காரணம் நிரூபணம் ஆகற வரைக்கும் அது வேர்ப்பகுதில சீழ்தான். பேஷண்ட் உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருந்தாலும் அன்னிக்கே உணவுக்குழாய் வழி எக்கோ, அன்னிக்கே சர்ஜனுக்கு ஃபோன்.