மில்லுக்கு வரும் முன் என்ன நடக்கிறது?

எங்கள் மாவு மில்லில் மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி அரைக்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவர்கள் வீட்டுக்கே போய் வாங்கிவந்து அரைத்துக் கொடுக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம், வழக்கமாக வரும் ஒரு அக்காவிடம் கேட்டு, மிளகாய் வாங்குவதிலிருந்து பொடியை டப்பாவில் போடுவது வரை ஒவ்வொரு வேலையையும், அதற்கான நேரத்தையும் நோட்டில் எழுதினேன். “பொதுவா எப்படி செய்வீங்க?” என்று கேட்காமல், “போன தடவை என்ன செஞ்சீங்க?” என்று கேட்டதில்தான் உண்மை வந்தது.

காம்பு கிள்ள அரை மணி நேரம். மில்லில் இருபது நிமிடம். காயவைக்க மட்டும் மூன்று நாள்! குடியிருப்பில் மொட்டைமாடி பூட்டிக் கிடக்கிறது. மழை வந்தால் எடுக்க ஆளில்லை. அதனால் கடையில் பாக்கெட் வாங்கிவிட்டார். இன்னும் ஐந்து பேரிடம் கேட்டேன். நான்கு பேர் மாட்டிக்கொண்டதும் காயவைப்பதில்தான்.

இப்போது மில்லின் மாடியில் வலை போட்டு, பெயர்ச் சீட்டுடன் தனித்தனித் தட்டில் நாங்களே காயவைக்கிறோம். ஒடித்தால் மிளகாய் சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னொரு நாள் வெயில். அரைத்த சூடு ஆறிய பிறகே கட்டித் தருகிறோம். வறுப்பதை மட்டும் ஏற்கவில்லை. அந்தப் பக்குவம் வீட்டுக்கு வீடு வேறு.