அடிபட்டுப் போகும் பின்னங்கள்: மிச்சத்தை எண்ணும்போது நேரும் தவறுகள்

1/(1·2) + 1/(2·3) + 1/(3·4) + … என்ற தொடரைக் கூட்டப் பெரும்பாலோருக்குத் தெரியும். ஒவ்வொரு உறுப்பையும் 1/k − 1/(k+1) என்று பிரித்தால் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டுப் போகும். முதலில் ஒன்றும் கடைசியில் ஒன்றும் மட்டும் மிஞ்சும். தொலைநோக்கித் தொடர் என்று இதைச் சொல்வார்கள். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பழகியவர்கள் "முதலும் கடைசியும் மிஞ்சும்" என்பதையே விதியாக மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். அடுத்த கணக்கிலேயே அது காலை வாரிவிடுகிறது.

இந்தத் தொடரைப் பாருங்கள்:

1/(1·3) + 1/(2·4) + 1/(3·5) + … + 1/(8·10)

மொத்தம் எட்டு உறுப்புகள். முதல் தவறு பிரிக்கும்போதே நேர்கிறது. பழைய பழக்கத்தில் 1/(1·3) என்பதை 1 − 1/3 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் 1 − 1/3 என்பது 2/3. நமக்கு வேண்டியதோ 1/3. பகுதியில் உள்ள இரு எண்களுக்கும் இடையே வித்தியாசம் 2 என்பதால், கழித்தால் தொகுதியில் 2 வந்துவிடுகிறது. அதைச் சரிசெய்ய வெளியே 1/2 போட வேண்டும்:

1/(k(k+2)) = 1/2 · (1/k − 1/(k+2))

பிரித்தவுடன் k = 1 என்று போட்டு இரு பக்கமும் சமமா என்று பார்த்தால் இந்தத் தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது தவறுதான் அதிகம் நேர்வது. 1/2-ஐச் சரியாக வெளியே எடுத்த பிறகு, மிஞ்சுவது 1-உம் 1/10-உம் என்று முடிவுகட்டி 1/2 · (1 − 1/10) = 9/20 என்று விடை எழுதுகிறார்கள். இது தவறு என்பதை நீண்ட கணக்கில்லாமலே காட்டலாம். தொடரின் முதல் இரண்டு உறுப்புகளை மட்டும் கூட்டினால் 1/3 + 1/8 = 11/24. இது ஏறத்தாழ 0.458, 9/20 என்பது 0.45. எல்லா உறுப்புகளும் மிகை எண்களாக இருக்கும்போது, எட்டின் கூடுதல் இரண்டின் கூடுதலைவிடக் குறைவாக இருக்க முடியாது.

அடைப்புக்குள் என்ன நடக்கிறது என்பதை வரிசையாக எழுதிப் பார்ப்போம்:

(1 − 1/3) + (1/2 − 1/4) + (1/3 − 1/5) + (1/4 − 1/6) + … + (1/7 − 1/9) + (1/8 − 1/10)

முதல் உறுப்பின் −1/3 அடுத்த உறுப்போடு அடிபடுவதில்லை. இரண்டு உறுப்பு தள்ளி, மூன்றாவது உறுப்பில் உள்ள 1/3-ஓடுதான் அடிபடுகிறது. அதனால் முன்னால் 1, 1/2 என இரண்டும் தம்மை நீக்க ஆளின்றி நிற்கின்றன. பின்னால் −1/9, −1/10 என இரண்டு நிற்கின்றன. ஆகவே கூடுதல்

1/2 · (1 + 1/2 − 1/9 − 1/10) = 1/2 · 116/90 = 29/45

அதாவது ஏறத்தாழ 0.644. மூன்று புள்ளி போட்டுத் தாண்டிவிடாமல் முன்னால் நான்கு உறுப்புகளும் பின்னால் இரண்டும் எழுதினால் இது கண்ணுக்கே தெரியும். அந்த ஒரு வரியை எழுதச் சோம்பல்படுவதால்தான் பெரும்பாலும் விடை தவறுகிறது என்பது என் கருத்து.

"வித்தியாசம் 2 என்றால் இரண்டிரண்டு மிஞ்சும்" என்று புதிய விதி ஒன்றை எழுதிக்கொள்ளவும் வேண்டாம். 1/(1·3) + 1/(3·5) + … + 1/(15·17) என்ற தொடரிலும் வித்தியாசம் 2தான். ஆனால் இங்கே முதல் உறுப்பின் 3 அடுத்த உறுப்பிலேயே வந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொன்றே மிஞ்சி, கூடுதல் 1/2 · (1 − 1/17) = 8/17 ஆகிறது. ஓர் உறுப்பின் வால் எத்தனை உறுப்பு தள்ளித் தலையாக வருகிறதோ, அத்தனை எண்கள்தான் இரு முனையிலும் மிஞ்சும்.

முடிவிலித் தொடருக்குப் போகும்போது இன்னொரு தவறு காத்திருக்கிறது: "கடைசி என்று ஒன்று இல்லையே, எனவே முன்னால் மிஞ்சுவதே விடை" என்ற நினைப்பு. 1/(1·2) + 1/(2·3) + … என்ற அதே எளிய தொடரை வேறு விதமாகவும் பிரிக்கலாம்: 1/2 = 1/2 − 0, 1/6 = 2/3 − 1/2, 1/12 = 3/4 − 2/3. எல்லாம் சரியான சமன்பாடுகள். இப்போது 1/2-உம் 1/2-உம் அடிபடுகின்றன, 2/3-உம் 2/3-உம் அடிபடுகின்றன. முடிவே இல்லாமல் அடித்துக்கொண்டே போனால் முன்னால் மிஞ்சுவது 0 மட்டும். மிகை எண்களைக் கூட்டி 0 எப்படி வரும்?

முதலில் n உறுப்புகளோடு நிறுத்த வேண்டும். அப்போது கூடுதல் n/(n+1) − 0. n பெருகப் பெருக n/(n+1) என்பது 1-ஐ நெருங்குகிறது, அதுதான் விடை. வழக்கமான பிரிப்பில் கடைசியில் நிற்பது 1/(n+1). அது 0-ஐ நெருங்குவதால், அதைக் கவனிக்காமல் விட்டவருக்கும் சரியான விடை கிடைத்துவிடுகிறது. நம் எட்டு உறுப்புத் தொடரை முடிவின்றி நீட்டினாலும் இதே ஒழுங்குதான்: n உறுப்புகளுக்கு 1/2 · (3/2 − 1/(n+1) − 1/(n+2)) என்று எழுதி, பின்னிரண்டும் 0-ஐ நெருங்குவதைப் பார்த்த பிறகே 3/4 என்று சொல்ல வேண்டும்.