மருதாணி போட்ட தலையில் டை: நான் செய்த தவறுகள்

கேள்வியைத் தப்பாகக் கேட்பது

போன வாரம் என் பார்லரில் வேலை பழகும் பெண் வந்து, "அக்கா, டை அடிச்சிருக்கீங்களான்னு கேட்டுட்டேன், இல்லைன்னுட்டாங்க" என்றாள். எனக்குப் பகீரென்றது. நம் மதுரைப் பக்கம் மருதாணியை யார் டை என்று சொல்கிறார்கள்?

இதே பதிலை நம்பித்தான் நானும் மாட்டினேன். திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் வந்தார். இளம் பிரவுன் வேண்டும் என்றார். டையை 20 வால்யூம் டெவலப்பரில், அதாவது முடியை வெளுத்து நிறமேற்றும் பெராக்சைடு திரவத்தில், கலந்து தலை முழுக்கப் பூசினேன். அலசிப் பார்த்தால், வகிட்டையொட்டி இரண்டு விரல் அகலத்துக்கு நரையில் பிரவுன் பளிச்சென்று பிடித்திருக்கிறது. அதற்குக் கீழே செம்பு நிறம். நுனியில் கலர் ஏறின அடையாளமே இல்லை, பழைய அரக்குச் சிவப்பு அப்படியே நிற்கிறது. பிடரியில் மட்டும் திட்டுத் திட்டாக வேறொரு நிறம்.

அப்புறம் விசாரித்தால், இரண்டு வருஷமாக மாதம் ஒரு தடவை மருதாணி. கடைசியாகப் போட்டு மூன்று மாதம் ஆகிறதாம். அந்த மூன்று மாதத்தில் வளர்ந்ததுதான் வகிட்டுப் பக்கத்து முடி.

மருதாணியின் சாயம் முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் பழைய பூச்சின் மேல் இன்னொரு பூச்சு ஏறும். வேர்ப் பக்கம் ஒரு பூச்சு என்றால் நுனியில் இருபது. டெவலப்பர் முடியின் இயற்கைக் கருப்பை ஓரளவு வெளுக்கும், மருதாணிச் சிவப்பை லேசில் அசைக்காது. நரைமுடியில் அந்தச் சிவப்பு ஆரஞ்சாக இருக்கும். மேலே பூசும் பிரவுனைத் தாண்டி அது எட்டிப் பார்க்கும். வீட்டில் பூசும்போது பிடரிக்கும் காதோரத்துக்கும் கை சரியாக எட்டாது, அங்கே திட்டு வந்தது அதனால்தான்.

கடைசியில் அடர் பிரவுன் போட்டு எல்லாவற்றையும் மூடி அனுப்பினேன். காசு வாங்கவில்லை. மருதாணித் தலையில் கருமைப் பக்கம் போகலாம், இளநிறத்துக்கு ஆசைப்படக் கூடாது.

இப்போது நான் கேட்பது: "தலையில் கடைசியா என்ன பூசுனீங்க, எப்போ?"

பாக்கெட்டை நம்புவது

"கருப்பு மருதாணி" பாக்கெட் பூசின தலை என்றால் சோதிக்காமல் டை போடாதீர்கள்.

சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். டெவலப்பர் பட்டால் முடி சூடேறும், பச்சையடிக்கும், ஒடிந்தும் போகும். பிடரியில் உள்பக்கமாகப் பத்து இழை வெட்டி, 30 மில்லி 20 வால்யூம் டெவலப்பரில் இருபது சொட்டு அம்மோனியா விட்டு அரை மணி நேரம் ஊறவையுங்கள். கிண்ணம் சூடானாலோ, நுரைத்தாலோ, நிறம் விபரீதமாக மாறினாலோ அந்தத் தலையில் கை வைக்காதீர்கள்.

ஒரே இழையில் சோதிப்பது

தலை முழுக்கப் பூசுமுன் டை எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள், வேரில் ஒன்று, நுனியில் ஒன்று. இரண்டும் வேண்டும்.

ஷாம்பு போட்டால் போய்விடும் என்பது

மருதாணிச் சிவப்பு போகாது. வெட்டினால்தான் போகும்.